லீசிங் லொறி ஐந்தொகையில் வருமா? நிதிக் குத்தகை, தொழிற்பாட்டுக் குத்தகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சின்ன, நடுத்தரக் கம்பனிகளின் கணக்குகளில் வருடா வருடம் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை இது. படகு எஞ்சின், ஐஸ் ஆலை இயந்திரம், ஹோட்டல் வான், குளிரூட்டி லொறி என்று எதை லீசிங்கில் எடுத்தாலும், அது நம் ஐந்தொகையில் ஏற வேண்டுமா, அல்லது மாதாமாதம் வாடகைச் செலவாகப் போனால் போதுமா என்பதுதான் கேள்வி.

எல்லாப் பதில்களையும் ஒரே உதாரணத்தில் நிறுத்தியிருக்கிறேன். கணக்கு விளங்கவென்று அமைத்த உதாரணம் அது. கொட்பே துறைமுகத்தில் மீன் வாங்கி பேலியகொடைச் சந்தைக்கு அனுப்பும் ஒரு தனியார் கம்பனி, ஒரு குளிரூட்டி லொறியை ஐந்து வருடத்துக்கு எடுக்கிறது. லொறியின் இன்றைய விலை 100 இலட்சம் ரூபா. ஒவ்வொரு வருட முடிவிலும் 26 இலட்சம் கட்ட வேண்டும். உண்மையில் தவணை மாதாமாதம்தான் போகும், கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று வருடத் தவணையாக வைத்திருக்கிறேன். இடையில் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. காப்புறுதி, டயர், திருத்த வேலை எல்லாம் கம்பனியின் செலவு. ஐந்தாம் வருட முடிவில் லொறியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது அது 25 இலட்சத்துக்குக் குறைவாக விலைபோனால், குறையும் தொகையைக் கம்பனி கட்ட வேண்டும். லொறி எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒப்பந்தத்துல “வாடகை” எண்டுதான் போட்டிருக்கு. அப்ப தொழிற்பாட்டுக் குத்தகைதானே?

தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது வகைப்படுத்தலைத் தீர்மானிக்காது. சொத்தோடு சேர்ந்து வரும் ஆபத்துகளும் பலன்களும் யாரிடம் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கும். லொறி பழுதாகி நின்றால் நட்டம் யாருக்கு, சந்தை விலை விழுந்தால் யார் தாங்குவது, அது ஓடி உழைக்கும் காலத்தின் பெரும்பகுதியில் வருமானம் யாருக்கு என்று பாருங்கள். இவற்றில் கணிசமான அளவு முழுவதும் எடுத்தவர் பக்கம் வந்துவிட்டால் அது நிதிக் குத்தகை. வராவிட்டால் தொழிற்பாட்டுக் குத்தகை.

நமது லொறி ஒப்பந்தத்தில் “வாடகை” என்ற சொல் எத்தனை தடவை வந்தாலும், 25 இலட்சத்துக்கு உத்தரவாதம் கொடுக்கும் அந்த ஒரு வரிதான் கனமான வரி. அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், “ஒப்பந்த முடிவு” என்ற பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள்.

பதிவுச் சான்றிதழ்ல முழு உரிமையாளரா லீசிங் கம்பனியின்ர பேர்தான் கிடக்கு. எங்கட சொத்து இல்லாததை எங்கட ஐந்தொகையில எப்படிப் போடுறது?

சட்டப்படியான உரிமை வேறு, கணக்கியலில் சொத்து என்பது வேறு. இலங்கையில் லீசிங் தொழிலை 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. குத்தகை முடியும்வரை லொறி லீசிங் கம்பனியுடையதுதான். நிதிக் குத்தகையிலும் அப்படித்தான், தொழிற்பாட்டுக் குத்தகையிலும் அப்படித்தான். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு விடயத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சட்ட வடிவத்தை விடப் பொருளாதார உள்ளடக்கமே முக்கியம் என்ற கொள்கை இங்கேதான் வேலை செய்கிறது.

2019 இல இந்தப் பிரிவையே எடுத்துப்போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டன். பிறகு ஏன் இதைப் படிக்க வேணும்?

பாதி உண்மை. 2019 ஜனவரி 1 முதல், முழு நியமங்களைப் பின்பற்றும் கம்பனிகளுக்கு இலங்கைக் கணக்கீட்டு நியமம் 17 போய், இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 வந்தது. அதன்படி குத்தகைக்கு எடுப்பவருக்கு இந்த இரு வகைப் பிரிவு கிடையாது. ஏறக்குறைய எல்லாக் குத்தகையும் ஐந்தொகையில் ஏறும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கும் பெறுமதி குறைந்த பொருட்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கென்று தனி நியமம் இருக்கிறது. அதன் 20 ஆம் பிரிவு பழைய பிரிப்பை அப்படியே வைத்திருக்கிறது. பங்குச் சந்தையில் பதியாத, பொதுமக்களிடம் வைப்புப் பெறாத நம்மூர்த் தனியார் கம்பனிகளில் பல அந்த நியமத்தின்படிதான் கணக்கு வைக்கின்றன. நமது மீன் கம்பனியும் அந்த வகை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கணக்கறிக்கையின் முதலாவது குறிப்பு. எந்த நியமத்தின்படி தயாரிக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும். அது தெரியாமல் குத்தகை பற்றிப் பேசத் தொடங்கினால், இரண்டு பேர் இரண்டு வேறு நியமத்தை மனதில் வைத்துக்கொண்டு வாதாடுவதில்தான் போய் முடியும்.

சரி, எதையெதைப் பார்த்து வகைப்படுத்துறது?

நியமம் சில அறிகுறிகளைத் தருகிறது. முடிவில் உரிமை எடுத்தவருக்கு மாறுகிறதா? மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்து, அதை அவர் பயன்படுத்துவார் என்பது ஆரம்பத்திலேயே நியாயமாக நிச்சயமா? குத்தகைக் காலம் சொத்தின் பொருளாதார ஆயுளில் பெரும்பகுதியா? குறைந்தபட்சக் குத்தகைக் கொடுப்பனவுகளின் தற்போதைய பெறுமதி, அதாவது எடுத்தவர் கட்டாயம் கட்ட வேண்டிய தொகைகளின் இன்றைய மதிப்பு, சொத்தின் நியாயப் பெறுமானத்தின் கணிசமான அளவு முழுவதையும் தொடுகிறதா? பெரிய மாற்றம் செய்யாமல் வேறு யாரும் பாவிக்க முடியாத விசேட சொத்தா? இவற்றில் ஒன்று “ஆம்” என்றாலே பொதுவாக நிதிக் குத்தகை என்ற முடிவுக்கு அது போதும். ஆனாலும் மொத்தப் படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நமது லொறியில் உரிமை மாறவில்லை. வாங்கும் உரிமையும் இல்லை. குத்தகைக் காலம் எட்டில் ஐந்து, அதாவது 62.5%. பெரும்பகுதி என்று சொல்பவரும் இருப்பார், போதாது என்பவரும் இருப்பார். குளிரூட்டி லொறி விசேட சொத்தும் இல்லை, கல்முனையிலும் நீர்கொழும்பிலும் அதை எடுக்க ஆள் இருக்கும். ஆகவே எல்லாம் தற்போதைய பெறுமதிக் கணக்கில் வந்து நிற்கிறது.

அந்தக் கணக்கை எப்படிச் செய்யிறது? வட்டி வீதத்துக்கு எங்க போறது?

குத்தகையில் உள்ளடங்கிய வட்டி வீதத்தைப் பாவிக்க வேண்டும். அதை அறிய முடியாவிட்டால், அதே தொகையை அதே காலத்துக்கு அதே மாதிரியான பிணையோடு கடன் எடுத்தால் உங்களுக்கு என்ன வீதம் வருமோ அதைப் பாவிக்கலாம். உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கணக்காய்வாளர் கட்டாயம் கேட்பார். நமது கம்பனிக்கு 15% என்று வைத்துக்கொள்வோம்.

இனி எந்தத் தொகைகளைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் முக்கியம். ஐந்து தவணையும் சேரும். அதோடு, எடுத்தவர் உத்தரவாதம் கொடுத்த எஞ்சிய பெறுமதி 25 இலட்சமும் சேரும். பலர் தவற விடுவது இதைத்தான், ஏனென்றால் அது தவணை அட்டவணையில் இருக்காது. இலட்சத்தில் எழுதினால் எக்செலில் இப்படி:

```
=PV(15%,5,-26,-25)
```

விடை 99.59 இலட்சம். லொறியின் விலையான 100 இலட்சத்தில் ஏறக்குறைய முழுவதும். இது நிதிக் குத்தகை. விளக்கிப் பார்த்தால் காரணம் எளிது. லீசிங் கம்பனி போட்ட முதலையும் வட்டியையும், லொறிக்கு என்ன நடந்தாலும், இந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தே திரும்ப எடுத்துவிடுகிறது. கடன் கொடுத்தவர் நிற்கும் இடம் அதுதான்.

உத்தரவாதம் இல்லாமல் வெறும் தவணை மட்டும் எண்டால்?

அப்போது தற்போதைய பெறுமதி 87.16 இலட்சம், விலையில் 87%. இங்கேதான் உண்மையான சங்கடம்.

90% என்ற எண்ணைப் பலர் சட்டம் மாதிரிச் சொல்வார்கள். 75% ஆயுள், 90% பெறுமதி என்ற எல்லைகள் பழைய அமெரிக்க நியமத்திலிருந்து வந்தவை. நமது நியமத்தில் அப்படி எண் எதுவும் இல்லை. “கணிசமான அளவு முழுவதும்” என்றுதான் இருக்கிறது. 89% என்று வரும்படி தவணையைச் செதுக்கிவிட்டு “தொழிற்பாட்டுக் குத்தகை” என்று வாதிடுவதை நான் ஏற்க மாட்டேன். அப்படிச் செதுக்கியிருப்பதே, முடிவை முதலில் எடுத்துவிட்டு ஒப்பந்தத்தைப் பிறகு எழுதினார்கள் என்பதைக் காட்டுகிறது.

87% வரும்போது மற்ற அறிகுறிகளைத் தராசில் வைக்க வேண்டும். ஐந்தாம் வருடம் லொறியின் விலை என்னவாகும் என்ற ஆபத்து இப்போது லீசிங் கம்பனியிடம் இருக்கிறது. மூன்று வருட உழைப்பு இன்னும் மிச்சம். அதை வேறொருவருக்குக் கொடுத்தோ விற்றோதான் அவர்கள் மீதியை எடுக்க வேண்டும். இந்த நிலையில் தொழிற்பாட்டுக் குத்தகை என்று முடிவெடுத்தால் என்னால் அதை ஆதரித்து எழுத முடியும். ஆனால் இரண்டாம் கட்டமாக இன்னும் மூன்று வருடம் பெயரளவு வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எங்காவது ஒரு வரி இருந்தால், அந்தக் காலமும் குத்தகைக் காலத்தில் சேர்ந்துவிடும். எட்டில் எட்டு. பிறகு வாதத்துக்கு இடமில்லை.

அப்ப உண்மையான தொழிற்பாட்டுக் குத்தகை எப்படி இருக்கும்?

அதே லொறியை மூன்று வருடத்துக்கு, வருடம் 24 இலட்சத்துக்கு எடுப்பதாக வைப்போம். காப்புறுதி, வாகன வருமான வரிப்பத்திரம், குளிரூட்டி பராமரிப்பு எல்லாம் கொடுப்பவர் பொறுப்பு. பழுதானால் மாற்று லொறி அனுப்புவார். முடிவில் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.

24 இலட்சத்தில் பராமரிப்பு, காப்புறுதிக்குரிய 4 இலட்சத்தைக் கழித்துவிட வேண்டும், சேவைக்கான தொகை குறைந்தபட்சக் குத்தகைக் கொடுப்பனவில் சேராது. மிச்சம் 20 இலட்சம், மூன்று வருடம், 15%. தற்போதைய பெறுமதி 45.66 இலட்சம். லொறியின் பெறுமதியில் பாதியும் இல்லை, ஆயுளிலும் எட்டில் மூன்றுதான். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

விலையைக் கவனியுங்கள். வருடத்துக்கு இது மலிவு மாதிரித் தெரிந்தாலும், மூன்று வருடத்தில் 72 இலட்சம் கொடுத்துவிட்டு கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆபத்தை மற்றவர் தாங்குவதற்கு அது கூலி. ஐந்தொகை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தக் கூலியைக் கொடுப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். மாரியில் கடல் கொந்தளித்து மீன் வரத்து குறையும் மாதங்களில் லொறி சும்மா நிற்கும் தொழிலுக்கு, குறுகிய ஒப்பந்தம் வேறு காரணத்துக்காகப் பொருத்தமாக இருக்கலாம். அது கணக்குக்காக எடுக்கும் முடிவு இல்லை.

நிதிக் குத்தகை எண்டு முடிவெடுத்தால் முதல் நாள் ஐந்தொகையில என்ன எழுதுறது?

நியாயப் பெறுமானம் 100, தற்போதைய பெறுமதி 99.59. குறைந்ததை எடுக்க வேண்டும். ஆகவே சொத்துப் பக்கத்தில் லொறி 99.59 இலட்சம், பொறுப்புப் பக்கத்தில் குத்தகைக் கடன் 99.59 இலட்சம்.

முதல் வருடம் கட்டும் 26 இலட்சத்தில், 99.59 இற்கு 15% வட்டி 14.94 இலட்சம். மிச்சம் 11.06 இலட்சம்தான் கடனின் முதல் தொகையில் குறைகிறது. வருட முடிவில் கடன் 88.53. இரண்டாம் வருட வட்டி 13.28, மிகுதி 75.81. இப்படியே போனால் மூன்றாம் வருட முடிவில் 61.18, நான்காம் வருட முடிவில் 44.36, ஐந்தாம் தவணையும் கட்டியபின் சரியாக 25 இலட்சம் மிஞ்சும். உத்தரவாதம் கொடுத்த அந்த 25 தான் அது. லொறி அந்த விலைக்குப் போனால் சொத்தும் பொறுப்பும் ஒன்றாக அழியும். உங்கள் அட்டவணை கடைசியில் 25 இல் வந்து நிற்காவிட்டால், எங்கோ வீதமோ தவணையோ பிழைத்திருக்கிறது.

முதல் நாள் ஐந்தொகையில் இந்தக் கடனை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் முதலாகக் குறையப்போகும் 11.06 நடைமுறைப் பொறுப்பு. மிச்சம் 88.53 நீண்டகாலப் பொறுப்பு. முழு 26 ஐயும் நடைமுறைப் பொறுப்பில் போடுவது பிழை, இன்னும் பிறக்காத வட்டி அதற்குள் இருக்கிறது.

இலாபத்துக்கு என்ன நடக்கும்? கட்டுற காசு ஒண்டுதானே?

காசு ஒன்றுதான், செலவு வரும் நேரம் மாறும். தொழிற்பாட்டுக் குத்தகையாக எழுதினால் ஒவ்வொரு வருடமும் 26 இலட்சம் வாடகைச் செலவு, ஐந்து வருடமும் சமமாக. நிதிக் குத்தகையில் பெறுமானத்தேய்வும் வட்டியும் தனித்தனியாக வரும். லொறி முடிவில் 25 இலட்சம் பெறும் என்று எதிர்பார்த்தால், 99.59 இலிருந்து 25 ஐக் கழித்து ஐந்தால் பிரிக்க, வருடத் தேய்வு 14.92 இலட்சம். முதல் வருட வட்டி 14.94. மொத்தம் 29.86. வாடகையை விட 3.86 இலட்சம் கூட. ஐந்தாம் வருடம் வட்டி 6.65 ஆகக் குறைந்துவிடும், மொத்தம் 21.57. வாடகையை விட 4.43 குறைவு. ஐந்து வருடத்தையும் கூட்டினால் இரண்டிலும் 130 இலட்சம்தான்.

ஆகவே தொடக்க வருடங்களில் இலாபம் குறைந்து தெரியும், பிறகு கூடும். ஒரே லொறி இருக்கும் கம்பனியில் இது கண்ணில் படும். வருடா வருடம் ஒரு லொறியைப் புதுப்பித்துக்கொண்டே போகும் கம்பனியில் பழையதும் புதியதும் ஒன்றையொன்று சமப்படுத்திவிடும்.

காசோட்டக் கூற்றிலும் இடம் மாறும். வாடகை முழுவதும் தொழிற்பாட்டு நடவடிக்கையில் போகும். நிதிக் குத்தகையில் முதல் தொகையில் குறையும் 11.06 நிதி நடவடிக்கைக்கு நகர்வதால், தொழிற்பாட்டுக் காசோட்டம் கூடினது போல் தெரியும். வங்கிக் கணக்கு மிகுதியில் ஒரு சதமும் மாறாது.

விகிதங்கள் எவ்வளவு மாறும்?

கம்பனியின் நிலையை இப்படி வைப்போம். நடைமுறைச் சொத்து 60 இலட்சம், நீண்டகாலச் சொத்து 200. நடைமுறைப் பொறுப்பு 40, நீண்டகால வங்கிக் கடன் 80, உரிமையாளர் மூலதனம் 140. லொறி வாடகைக்கும் வங்கி வட்டிக்கும் முன் இலாபம் 50 இலட்சம், வங்கிக் கடனுக்கு வட்டி 12 இலட்சம்.

முதலில் கடனுக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதம். லொறி ஐந்தொகைக்கு வெளியே நின்றால் 80 ஐ 140 ஆல் பிரிக்க 0.57. உள்ளே வந்தால் கடன் 179.59, விகிதம் 1.28. மூலதனத்தில் பாதியளவு கடனோடு இருந்த கம்பனி, ஒரே கையெழுத்தில் மூலதனத்தை விடக் கூடிய கடன் உள்ள கம்பனியாகத் தெரியும். நடைமுறை விகிதம் 60 க்கு 40, அதாவது 1.5 ஆக இருந்தது, பொறுப்பு 51.06 ஆகி 1.18 க்கு இறங்கும். சொத்துப் பக்கத்தில் லொறி நீண்டகாலச் சொத்தாக வருகிறது, பொறுப்பின் ஒரு துண்டு மட்டும் நடைமுறையில் விழுகிறது. அதனால்தான் அந்த விகிதம் எப்போதும் ஒரே திசையில், கீழ்நோக்கியே போகிறது.

வட்டியைத் தாங்கும் விகிதத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வாடகையாக எழுதினால் வட்டிக்கு முன் இலாபம் 50 இலிருந்து 26 போக 24. வட்டி 12. இரண்டு மடங்கு. நிதிக் குத்தகையில் வட்டிக்கு முன் இலாபம் 50 இலிருந்து தேய்வு 14.92 மட்டும் போக 35.08. கூடிவிட்டதே என்று சந்தோசப்படலாம். ஆனால் வட்டி 12 உடன் 14.94 சேர்ந்து 26.94. விகிதம் 1.30. தொழிற்பாட்டு இலாபம் பதினொரு இலட்சம் ஏறியும் வட்டியைத் தாங்கும் பலம் குறைந்தது. தேய்வுக்கும் வட்டிக்கும் முந்திய இலாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு இன்னும் அழகாகத் தெரியும், 26 இலட்சம் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். இரண்டு கம்பனிகளை அந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடுவதானால், இரண்டும் குத்தகையை ஒரே மாதிரி எழுதியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வங்கிக் கடன் ஒப்பந்தத்துல கடன் விகிதம் 1 ஐத் தாண்டக் கூடாது எண்டு இருக்கு. என்ன செய்யலாம்?

லொறி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் வங்கிக்குப் போங்கள். இந்த ஒழுங்குதான் முக்கியம். கடன் ஒப்பந்தத்தில் “கடன்” என்றால் என்ன என்று வரையறை இருக்கும். சிலவற்றில் குத்தகைப் பொறுப்பு சேரும், சிலவற்றில் வங்கிக் கடன் மட்டும்தான். சேராது என்றால் 0.57 அப்படியே இருக்கும், பிரச்சினை இல்லை. சேரும் என்றால் 1.28 என்று வரும் கணக்கைக் காட்டி, எல்லையை மாற்றித் தரச் சொல்லி அல்லது இந்தக் குத்தகைக்கு விலக்குக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வருட முடிவுக்குப் பிறகு வாங்கும் விலக்கு பிந்திவிடும். அறிக்கைத் திகதியில் நிபந்தனை மீறப்பட்டு, அதனால் வங்கி கடனை உடனே கேட்கும் உரிமை பெற்றிருந்தால், அந்த 80 இலட்சமும் நடைமுறைப் பொறுப்புக்கு நகர வேண்டி வரலாம். அப்போது நடைமுறை விகிதம் 1.18 இல் நிற்காது, 60 ஐ 131.06 ஆல் பிரித்து 0.46 க்குப் போகும்.

இன்னொன்று. தொழிற்பாட்டுக் குத்தகை என்றாலும் முழுதாக மறைந்துவிடாது. முறிக்க முடியாத குத்தகைகளில் இனிக் கட்ட வேண்டிய தொகையை ஒரு வருடத்துக்குள், ஒன்றிலிருந்து ஐந்து வருடம், அதற்குப் பிறகு என்று பிரித்துக் குறிப்பில் காட்ட வேண்டும். அனுபவமுள்ள கடன் அதிகாரி அந்தக் குறிப்பை எடுத்து, கடனோடு தானே கூட்டிப் பார்ப்பார்.

ரெண்டு வருசமா வாடகையா எழுதிப்போட்டம். இப்பதான் அந்த 25 இலட்சம் உத்தரவாதத்தைக் கண்டனாங்கள். இனி நிதிக் குத்தகையா மாத்தினால் போதுமா?

இனிமேலிருந்து மட்டும் மாற்றுவது போதாது. ஒப்பந்தம் மாறவில்லை, முதல் நாளிலேயே வகைப்படுத்தல் பிழைத்திருக்கிறது. இது முன்னைய காலப் பிழை. ஒப்பீட்டு எண்களைத் திருத்தி, ஆரம்ப மிகுதிகளையும் திருத்த வேண்டும். இரண்டாம் வருட முடிவில் லொறியின் ஏட்டுப் பெறுமதி 99.59 இலிருந்து இரண்டு வருடத் தேய்வு 29.84 போக 69.75. கடன் 75.81. வித்தியாசம் 6.06 இலட்சம் திரண்ட இலாபத்திலிருந்து குறையும். சரியா என்று பார்க்க: முதல் வருடம் 3.86, இரண்டாம் வருடம் 2.20, மொத்தம் 6.06. வரி விளைவு இதில் சேரவில்லை. வரிக்கு இறைவரிச் சட்டத்தின் விதிகள் தனியாக இருப்பதால், அதை வரி ஆலோசகரோடு பேசித் தனியாகச் செய்ய வேண்டும்.

திருத்தாமல் விட்டால் ஐந்தாம் வருடத்தில் அது தானாக வெளியே வரும். உப்புக் காற்றில் பெட்டி அரித்து, லொறி 15 இலட்சத்துக்குத்தான் போகிறது என்று வையுங்கள். லீசிங் கம்பனி 10 இலட்சத்துக்கு பில் அனுப்பும். வாடகையாக எழுதிய கணக்கில் அதற்கு ஒரு ஒதுக்கமும் இருக்காது, முழு 10 இலட்சமும் அந்த ஒரு வருட இலாபத்தில் விழும். நிதிக் குத்தகையாக எழுதியிருந்தால் ஒவ்வொரு வருடமும் எஞ்சிய பெறுமதியை மீளப் பார்த்து, விலை விழுவது தெரிந்த நாளிலிருந்தே தேய்வைக் கூட்டியிருப்பீர்கள்.

நிலாவெளியில 30 வருசக் குத்தகைக்கு எடுத்த காணியும் இப்படித்தானா?

அதே அறிகுறிகள்தான், விடை பெரும்பாலும் வேறு. காணிக்கு முடிவான ஆயுள் இல்லை. 30 வருடத்தின் பின்னும் அது அங்கேதான் இருக்கும், விலையும் கூடியிருக்கும், அந்தப் பலன் காணிக்காரருக்கே. உரிமை மாறாவிட்டால் சாதாரணமாகத் தொழிற்பாட்டுக் குத்தகையில் முடியும். மிக நீண்ட காலத்துக்கு, பெரும் தொகையை முன்பணமாகக் கட்டி எடுத்திருந்தால் தற்போதைய பெறுமதிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். காணியோடு கட்டடமும் சேர்த்து எடுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் சரி, கட்டடத்துக்கு ஆயுள் உண்டு.

லீசிங் கம்பனிப் பக்கம் இது எப்படி எழுதப்படும்?

நிதிக் குத்தகை என்றால் அவர்கள் ஐந்தொகையில் லொறி இருக்காது, உங்களிடமிருந்து வரவேண்டிய தொகை வரவுப் பணமாக இருக்கும். தொழிற்பாட்டுக் குத்தகை என்றால் லொறியை வைத்துக்கொண்டு அவர்களே தேய்வு எழுதுவார்கள். நியமம் 16 இலும் கொடுப்பவருக்கு இந்த இரு வகைப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒரு விடயம் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் எப்படி வகைப்படுத்தினார்கள் என்பது உங்களைக் கட்டுப்படுத்தாது. லொறியின் எஞ்சிய பெறுமதிக்கு இறக்குமதியாளர் போன்ற மூன்றாம் ஆள் அவர்களுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தால், அவர்கள் கணக்கில் அது சேரும், உங்கள் கணக்கில் சேராது. ஒரே லொறி அவர்களுக்கு நிதிக் குத்தகையாகவும் உங்களுக்குத் தொழிற்பாட்டுக் குத்தகையாகவும் இருப்பது அப்படித்தான் நடக்கிறது.